ஒற்றைப் பதிவுக் கணக்கு: இருப்புநிலைக் குறிப்பில் 5,000 இடிக்கிறது

கேட்டவர்:
உறவினரின் கடைக்கு ஆண்டுக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். ரொக்க நோட்டும் பற்று நோட்டும் கொள்முதல் ரசீதுகளும் மட்டுமே உள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் சரக்கு 40,000, கடனாளிகள் 30,000, ரொக்கம் 10,000, தளவாடம் 20,000, கடனீந்தோர் 25,000. ஆகவே தொடக்க முதல் 75,000. ஆண்டு முடிவில் சரக்கு 50,000, கடனாளிகள் 45,000, ரொக்கம் 12,000, கடனீந்தோர் 35,000, தளவாடத்தில் மாற்றமில்லை. ரொக்க விற்பனை 2,00,000, கடனாளிகளிடம் வசூல் 1,50,000, கடனீந்தோருக்குக் கொடுத்தது 2,60,000, செலவுகள் 42,000. ரொக்கத்தில் குறையும் 46,000-ஐ எடுப்பு என்று வைத்தேன். நிகர இலாபம் 58,000 வருகிறது. ஆனால் சொத்துகள் 1,27,000 இருக்க, பொறுப்புப் பக்கம் 1,22,000-தான் வருகிறது.

மறுமொழி 1:
இறுதி முதலிலிருந்து தொடக்க முதலைக் கழித்தாலே இலாபம் கிடைத்துவிடும். வியாபாரக் கணக்கு எதற்கு?

மறுமொழி 2:
அப்படிக் கழித்தால் 17,000-தான் வரும். எடுப்பையும் கூட்டினால்தான் 63,000 இலாபம் கிடைக்கும். அதுவும் மொத்த இலாபம் எவ்வளவு என்று சொல்லாது.

கேட்டவர் வசூலான பணத்தைக் கடன் விற்பனையாகவும், கொடுத்த பணத்தைக் கொள்முதலாகவும் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கடனாளிகளின் நிலுவை 15,000 கூடியிருப்பதால் கடன் விற்பனை 1,65,000 ஆகும். கடனீந்தோர் நிலுவை 10,000 கூடியிருப்பதால் கொள்முதல் 2,70,000 ஆகும். இந்த இரண்டு உயர்வுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் அந்த 5,000. மொத்த விற்பனை 3,65,000, விற்ற சரக்கின் அடக்கம் 2,60,000, மொத்த இலாபம் 1,05,000. செலவு போக 63,000. இறுதி முதல் 92,000, கடனீந்தோர் 35,000. இரு பக்கமும் 1,27,000.

மறுமொழி 3:
எங்கள் கடையில் வீட்டுக்கு எடுத்த சரக்கை எழுதவே இல்லை, ஆனாலும் இருப்புநிலைக் குறிப்பு சரியாகப் பொருந்தியது. அப்படியானால் அதை விட்டுவிடலாமா?

மறுமொழி 2:
விடக் கூடாது. அந்தச் சரக்கை அடக்க விலையில் கொள்முதலிலிருந்து கழித்து எடுப்பில் சேர்த்தால், இலாபமும் எடுப்பும் ஒரே அளவு கூடுவதால் இறுதி முதல் மாறாது; அதனால்தான் விடுபட்டாலும் பொருந்திவிடுகிறது. கேட்டவரின் 46,000-க்கும் இதே ஆபத்து உண்டு. அதில் 6,000 எழுதாமல் விட்ட கூலியாக இருந்தால் இலாபம் 57,000-தான், எடுப்பு 40,000-தான், குறிப்போ அப்போதும் பொருந்தும். கடைக்காரர் வழக்கமாக வைக்கும் இலாப விகிதத்தைக் கேளுங்கள். இங்கே மொத்த இலாபம் விற்பனையில் ஏறத்தாழ 29 விழுக்காடு. அவர் சொல்வது இதைவிட மிகவும் கூடுதலாக இருந்தால், வீட்டுக்குப் போன சரக்கையோ எழுதாத ரொக்க விற்பனையையோ தேட வேண்டும். எழுதாத கூலி மட்டும் இந்தச் சோதனையில் தென்படாது.

கேட்டவர்:
இப்போது பொருந்துகிறது, மிக்க நன்றி. விகிதம் 30 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் என்கிறார். ஆனால் 46,000-இல் வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் அதை எடுப்பு என்றே காட்டி, ரொக்கக் குறைவிலிருந்து கணித்த தொகை என்று கீழே எழுதிவிடுங்கள்.