ஏறுமுகத்தில் ஸ்டேபிள்காயின் பங்கு எவ்வளவு?

வணக்கம், நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். 4 லட்சத்துக்கு வாங்கிய பிட்காயினின் மதிப்பு இப்போது 10 லட்சம் ரூபாய். சந்தை ஏறத் தொடங்கும்போது 20 சதவீதம், உச்சத்தை நெருங்கும்போது 50 சதவீதம் என, டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் ஸ்டேபிள்காயினான யுஎஸ்டிடியில் வைக்கத் திட்டமிட்டிருந்தேன். ஆனால் காயினுக்குக் காயின் மாற்றுவதையும் விற்பனையாகவே வருமானவரிச் சட்டம் கொள்வதால், பாதியை மாற்றினால் 3 லட்சம் லாபத்தின் மீது 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 93,600 ரூபாய் போய்விடும். பின்னர் விலை ஏறத்தாழ 19 சதவீதம் இறங்கினால்தான் அதே அளவு பிட்காயினைத் திரும்ப வாங்க முடியும்.

எப்போது மாறுவது என்பதற்கு 200 நாள் சராசரி விலையை அடையாளமாகக் கொண்டு பழைய விலைகளில் சோதித்துப் பார்த்தேன். 2022 சரிவில் அது பெரிதும் உதவியிருக்கும். விலை ஒரே மட்டத்தில் ஊசலாடும் காலத்திலோ அடிக்கடி மாறச் சொல்கிறது, அந்த நஷ்டத்தை மற்ற லாபத்தில் கழிக்கவும் இடமில்லை.

இருக்கும் பிட்காயினைத் தொடாமல், உச்சகட்டத்தில் புதிதாகப் போடும் பணத்தை மட்டும் ஸ்டேபிள்காயினில் சேர்ப்பவர்கள், மொத்தத்தில் எத்தனை சதவீதம் வரை கொண்டுபோகிறீர்கள்?