வால்பேப்பர் கணக்கு: கடைக்காரர் மூன்று ரோல் என்கிறார், ஒட்டுபவர் ஐந்து என்கிறார். எது சரி?

திருநகர்வாசி: வணக்கம். வரவேற்பறைச் சுவர் ஒன்றுக்குப் பூ டிசைன் வால்பேப்பர் ஒட்டவிருக்கிறோம். சுவரின் அகலம் 14 அடி, உயரம் பத்தரை அடி. 4 அடிக்கு 4 அடியில் ஒரு ஜன்னல் உண்டு. ஒரு ரோல் 57 சதுர அடி. எத்தனை ரோல் வாங்குவது? இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

தெப்பக்குளத்தான்: கடைக்காரர் சொல்வதே சரி. சுவர் 147 சதுர அடி. ஜன்னலைக் கழித்தால் 131. சேதாரமாகப் பத்து விழுக்காடு சேர்த்தாலும் மூன்று ரோலுக்குள் அடங்கிவிடும்.

வைகைக்கரை: பெயின்ட்டுக்குப் போடும் கணக்கை இங்கே போடாதீர்கள். கேட்பவரும், டிசைன் எத்தனை செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது, ஜன்னல் சுவரில் எங்கே இருக்கிறது என்பவற்றைச் சொல்லவில்லை. லேபிளைப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை என்று இங்கே எத்தனை முறை எழுதுவது?

பசுமலை டீச்சர்: எங்கள் வீட்டில் பிவிசி பேனல் 10 அடி நீளத்தில்தான் கிடைத்தது, சுவர் அதைவிட உயரமாக இருந்ததால் மேலே அரை அடிக்குத் தனியாகப் பட்டி அடித்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒட்டுப்போட வேண்டியிருக்குமே?

திருநகர்வாசி: பேனல் இல்லை டீச்சர், தாள்தான். லேபிளில் அகலம் 53 செ.மீ., நீளம் 10.05 மீ., டிசைன் 64 செ.மீ. என்று இருக்கிறது. இரண்டு அம்புக்குறிகள் ஒரே மட்டத்தில் எதிரெதிரே நிற்கின்றன. ஜன்னலுக்கு இருபுறமும் 5 அடி. தரையிலிருந்து 3 அடியில் தொடங்குகிறது.

மேலூர் ஒட்டுவேலை: இப்போது சொல்லலாம். பரப்பளவை மறந்துவிட்டு, ஒரு ரோலில் எத்தனை முழுப் பட்டை கிடைக்கும் என்று பாருங்கள். உங்கள் சுவர் உயரம் 320 செ.மீ.; மேலும் கீழும் நறுக்க 10 சேர்த்தால் 330. டிசைன் இல்லாத தாளென்றால் ஒரு ரோலில் மூன்று பட்டை வந்துவிடும். ஆனால் அம்புக்குறிகள் ஒரே மட்டத்தில் நிற்கும் டிசைனில் ஒவ்வொரு பட்டையும் பூவின் அதே இடத்தில் தொடங்கினால்தான் பக்கத்துப் பட்டையோடு பொருந்தும் என்பதால், 330 என்பது 64-இன் அடுத்த மடங்கான 384 ஆகிவிடுகிறது. இரண்டு பட்டைக்கே 768 போய்விடும். மிச்சம் 237 செ.மீ. மூன்று ரோலில் ஆறு பட்டைதான் கிடைக்கும்.

அகலம் 427 செ.மீ. மூலையிலிருந்து தொடங்கினால் எட்டுப் பட்டை 424 வரை போகும்; கடைசி 3 செ.மீ.க்கு ஒன்பதாவது வேண்டும். இவற்றில் நான்காவதும் ஐந்தாவதும் மட்டுமே முழுக்க ஜன்னலுக்குள் விழுகின்றன. மூன்றாவதும் ஆறாவதும் ஓரத்தில் மட்டும் வெட்டுப்படுவதால், அவற்றுக்கு முழு நீளப் பட்டைதான் தேவை. ஆக ஏழு முழுப் பட்டை, அதாவது நான்கு ரோல். ஜன்னலுக்கு மேலும் கீழும் வரும் நான்கு துண்டுகளை நான்கு ரோல்களின் மிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரே மிச்சத்தில் மேல் துண்டை வெட்டிவிட்டு, பூவைப் பார்த்துக் கீழ்த் துண்டை எடுக்கப் போனால் நீளம் போதாது.

வைகைக்கரை: மூலையில் 3 செ.மீ. கீற்றை ஒட்டுவது நல்ல வேலையே அல்ல. சுவர் சற்றுச் சாய்ந்திருந்தாலும் அந்தக் கீற்று மேலே அகன்று கீழே காணாமல் போகும். ஜன்னலின் நடுக்கோட்டில் ஒரு பட்டையின் நடுவை வைத்துத் தொடங்கினால், இரு மூலைகளிலும் ஏறக்குறைய 28 செ.மீ. சமமாக வரும்.

மேலூர் ஒட்டுவேலை: பார்வைக்கு அதுவே அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது ஒரே ஒரு பட்டைதான் முழுக்க ஜன்னலுக்குள் விழும். எட்டு முழுப் பட்டை வேண்டும். நான்கு ரோல் துல்லியமாகத் தீர்ந்துவிடும். பசை காய்ந்து ஒரு பட்டை கிழிந்தால் மாற்று இல்லை. மூலையிலிருந்து தொடங்கினால் ஒரு பட்டை கையிருப்பாக மிஞ்சும்.

தெப்பக்குளத்தான்: ஒரு பட்டை போனால் இன்னொரு ரோல் வாங்கிக்கொள்ளலாமே. இதற்காக ஐந்து வாங்கச் சொல்வது வீண் செலவு.

வைகைக்கரை: பிறகு வாங்கும் ரோல் வேறு லாட்டாக இருந்தால், டிசைன் ஒன்றாயினும் நிறம் மாறுபடும், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படும் சுவரில் அது உடனே தெரியும்.

திருநகர்வாசி: ஒரே லாட் எண்ணில் ஐந்து ரோல் எடுத்துவிட்டேன். பிரிக்காத ரோலைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். நன்றி.

மேலூர் ஒட்டுவேலை: ஜன்னலின் உள்பக்கக் கன்னத்திலும் தாள் ஒட்டுவீர்களா, அல்லது பெயின்ட் மட்டுமா? ஒட்டுவதென்றால் ஐந்தாவது ரோலைப் பிரிக்க வேண்டியிருக்கலாம்.