35, 36 மட்டும் நெட்வொர்க்கில் வரவில்லை

வணக்கம் நண்பர்களே. சேலம் ஓமலூர் பக்கம் ஒரு மில்லில் ஏசி கன்ட்ரோலர்களை பேக்நெட் எம்எஸ்/டிபி வழியாக பிளான்ட் கன்ட்ரோலருடன் இணைக்கிறேன். முகவரி 1 முதல் 8 வரை எல்லாம் சரி. புதிதாகச் சேர்த்த 35, 36 மட்டும் திரையில் வரவே இல்லை. பாட் ரேட் எல்லாவற்றிலும் 38400, கேபிளின் இரு முனையிலும் 120 ஓம். வயரிங் தப்போ என்று அரை நாள் ஏணியில் கழிந்தது. அப்புறம் 35-ஐ 9 ஆக்கினேன், உடனே வந்துவிட்டது!

பழைய எட்டிலும் `Max_Master` 20. அதைத் தாண்டிய முகவரிகளை யாரும் அழைப்பதில்லை, டோக்கனும் போகாது என்று புரிகிறது. கடைசியில் இருக்கும் 8-இல் மட்டும் 127 ஆக்கினால் போதுமா? 8 அணைந்தால் தேடுவது 7-இன் வேலையாகிவிடுமே, எட்டிலும் மாற்றணுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.