[கலைச்சொல்] ஆஸ்க் = ‘கேட்பு விலை’, சரியா?

வகுப்புக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நாளன்னிக்குக் காலைல வகுப்பு, ஆர்டர் புக் ஸ்கிரீன்ஷாட் ஒண்ண வச்சு பங்கு வாங்குறத சொல்லித் தரணும். படத்துல இடப்பக்கம் வாங்க வந்தவங்களோட பிட், 101.90க்கு 150 பங்கு, அதுக்குக் கீழ 101.80க்கு 400. வலப்பக்கம் விக்க வந்தவங்களோட ஆஸ்க், 102.40க்கு 50, 102.90க்கு 100, 104.00க்கு 350. கடைசியா கைமாறின விலை 102.10. பிட்டுக்கு ‘ஏல விலை’, ஆஸ்க்குக்கு ‘கேட்பு விலை’, ஸ்ப்ரெட்டுக்கு ‘விரிவு’, லிமிட் ஆர்டருக்கு ‘காத்திருப்பு ஆணை’, மார்க்கெட் ஆர்டருக்கு ‘சந்தை விலை ஆணை’ன்னு போட்டிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க.

பழைய ஏடு:
அம்மா, விற்பதற்குச் சங்கத் தமிழிலேயே ‘நொடுத்தல்’ இருக்கு, அதிலிருந்து வந்ததுதான் நொடை. வாங்குறதுக்கு ‘கொள்’. ஆக பிட் கொள்விலை, ஆஸ்க் நொடைவிலை. முடிஞ்சது. சந்தை வரைக்கும் வந்துட்டு ‘ஆஸ்க்’னு கேட்டுட்டு நிக்கணுமா?

கடைசி பெஞ்ச்:
ஐயா நொடைன்னா பசங்க நொடின்னு படிச்சு எத்தன செகண்டுன்னு கேப்பாங்க 😀 அப்புறம் அக்கா, என் ஆப்புல ஆர்டர் புக்க தொட்டா நான் போட்ட ஆர்டர் லிஸ்ட்தான் வருது, பிட் ஆஸ்க் எதுவும் இல்லயே?

திண்ணை:
தம்பி, சில ஆப்புல அந்தப் பேர உங்க சொந்த ஆர்டர் பட்டியலுக்கு வச்சிருக்காங்க. நீங்க தேடுறது ‘மார்க்கெட் டெப்த்’னு இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ‘கேட்பு விலை’ தலைகீழாப் போயிருச்சும்மா. தமிழ்ல ஏலம் கேக்குறவர் யாரு, வாங்குறவர்தானே? “என்ன விலைக்குக் கேக்குறாங்க”ன்னா வாங்க வந்தவரப் பத்திதான் பேச்சு. விக்கிறவர் விலை *சொல்லுவாரு*. அதனால பிட்தான் கேட்கும் விலை, ஆஸ்க் சொல்லும் விலை. ஆங்கிலச் சொல்ல அப்படியே மாத்துனா பையன் 101.90 வரிசையப் பார்த்து இதுதான் நாம குடுக்க வேண்டிய விலைன்னு நினைச்சுக்குவான். இப்ப உடனே வாங்கணும்னா 102.40. நடுவுல இருக்குற 0.50 தான் ஸ்ப்ரெட். அது எதுவும் விரியல, ‘விலை இடைவெளி’ போதும்.

பழைய ஏடு:
கேட்கும், சொல்லும்... பெயரெச்சத்தையா கலைச்சொல்லா வைக்கிறது? கேள் என்பது உறவையும் குறிக்கும், ‘கேளிர்’ அதிலிருந்து...

வகுப்புக்காரி:
ஐயா கேளிர் அப்புறம் 🙏 லிமிட்டுக்கு ‘காத்திருப்பு’ ஓகேவா?

திண்ணை:
பாதி சரி. உங்க படத்தையே எடுத்துக்குங்க, ஒருத்தன் 300 பங்குக்கு 102.90ல லிமிட் போடுறான். 102.40ல இருக்குற 50ம் 102.90ல இருக்குற 100ம் அந்த நிமிஷமே கிடைச்சிரும், அதுவும் முதல் 50க்கு 102.40 தான் போகும், 102.90 இல்ல. மீதி 150 மட்டும்தான் காத்திருக்கும், அதுவே கேட்கிற பக்கத்துல முதல் வரியா நிக்கும், எதிர்ல மிச்சம் 104.00 மட்டும்ங்கறதால இடைவெளி 1.10 ஆயிரும். காத்திருக்கிறது விளைவு, எப்பவும் நடக்காது. எப்பவும் இருக்குறது வரம்பு: இதுக்கு மேல குடுக்க மாட்டேன். விக்கிறப்போ இதுக்குக் கீழ தர மாட்டேன். ‘வரம்பு விலை ஆணை’.

அதே 300ஐ மார்க்கெட் ஆர்டரா போட்டா 50, 100, அப்புறம் 104.00ல 150ன்னு ஏறிக்கிட்டே போகும். மொத்தம் 31010, சராசரி ஒரு பங்கு 103.37 கிட்ட. அவன் கண்ணுல பட்டது 102.10, அந்தக் கணக்குல 30630 தான். ‘சந்தை விலை’ன்னு எழுதுனா ஒரே விலை ஒண்ணு இருக்குன்னு நம்பிருவான், அதான் என் பயம்.

கடைசி பெஞ்ச்:
அய்யோ எனக்கு அப்படியே நடந்துச்சு, காலைல சந்தை திறந்த உடனே மார்க்கெட்ல போட்டேன், வரிசைல ஆளே இல்லாத பங்கு, எங்கயோ மேல போய் வாங்கிருச்சு. அதுலேர்ந்து லிமிட் மட்டும்தான், அதுல நஷ்டமே வராது.

திண்ணை:
நஷ்டம் வராதுன்னு யாரு சொன்னா? மோசமான விலைக்கு வாங்குறதத்தான் அது தடுக்கும். விலை உங்கள விட்டுட்டு ஏறிப் போயிருச்சுன்னா பங்கே கிடைக்காது, விக்கிறப்போ விலை இறங்கிட்டே போனா கையிலயே மாட்டிக்கும். நெருக்கமான இடைவெளி, வரிசைல ஆயிரக்கணக்குல பங்கு, நமக்கு வேணும்னா 20ன்னா மார்க்கெட்லயே போடலாம்.

பழைய ஏடு:
அப்படியானால் ‘எவ்விலை ஆணை’. எந்த விலையானாலும். புணர்ச்சியும் சரி, பொருளும் சரி.

கடைசி பெஞ்ச்:
எவ்விலைய வாய்விட்டு சொல்லிப் பாருங்க ஐயா. ‘கிடைச்ச விலை ஆர்டர்’ வைங்க.

திண்ணை:
எனக்கு எவ்விலை பிடிச்சிருக்கு, ஆனா வகுப்புல நிக்குமான்னு சந்தேகம்தான்.

வகுப்புக்காரி:
ஸ்லைடு அனுப்ப வேண்டிய நேரம் வந்துருச்சு. கேட்கும் விலை, சொல்லும் விலை, இடைவெளி, வரம்பு விலை ஆர்டர், இதுவரைக்கும் போட்டுட்டேன், ஒவ்வொண்ணுக்குக் கீழயும் பிட், ஆஸ்க்னு சின்ன எழுத்துல இருக்கு. 300 பங்குக் கணக்கையும் சேர்த்துட்டேன். கடைசி வரில மட்டும் இப்போதைக்கு ‘மார்க்கெட் ஆர்டர்’னே விட்டிருக்கேன்.

பழைய ஏடு:
‘ஆணை’யும் போய் ‘ஆர்டர்’ ஆயிடுச்சா? என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நொடை பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.