ஒரு நாளைக்கு 8 என்றால் எட்டுப் பேரா, எட்டு பிளவுஸா?

கோலமாவு: எங்கள் தெரு தையற்கடை ஸ்டேட்டஸ்: "தீபாவளி ஆர்டர் அக்டோபர் 5 வரை மட்டும். ஒரு நாளைக்கு 8 ஆர்டர்." 3ஆம் தேதி காலை பதினொரு மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றது இரண்டே பேர். "இன்றைக்கு எட்டு முடிந்தது" என்கிறார்கள். இது என்ன கணக்கு?

பழையகத்தரி: அந்த இரண்டு பேர் கையில் எத்தனை துணி இருந்தது? எட்டு என்பது பிளவுஸ் கணக்கு. ஒரு அம்மா ஆறு துணியோடு வந்து உட்கார்ந்தால் அன்றைய பாடு முடிந்தது.

கோலமாவு: ஆர்டர் என்றுதானே போட்டிருக்கிறது? ஒரு பில், ஒரு ஆர்டர்.

திருப்பூர்க்காரன்: எட்டே எட்டா? எங்கள் யூனிட்டில் ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் பனியன் இறங்கும். சோம்பேறித்தனத்துக்கு ஸ்டேட்டஸ் வேறு.

பழையகத்தரி: தம்பி, பனியனில் ஒருவர் தோள் அடிப்பார், ஒருவர் கை அடிப்பார், அளவு எல்லாம் ஒன்று. பிளவுஸில் ஒவ்வொன்றும் வேறு உடம்பு. என் கடைக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். தைப்பவர்கள் இரண்டு பேர். லைனிங் வைத்தது ஆளுக்கு ஐந்து வந்தால் பெரிது. பழைய துணி பிரித்துத் தைக்கும் நேரத்தைக் கழித்தால் எட்டு. செப்டம்பர் கடைசியில் அலமாரியில் 72 நின்றது. 1ஆம் தேதி ஆயுத பூஜை, மிஷினுக்குப் பொட்டு வைத்தாயிற்று. மறுநாளும் ஓடவில்லை. 3, 4, 5 மூன்று நாளும் எட்டெட்டாக 24 வாங்கினால் மொத்தம் 96. அதற்கே பன்னிரண்டு நாள், அதாவது 14ஆம் தேதி ஆகிவிடுகிறது. தீபாவளி 20.

கோலமாவு: அப்போது 15இலிருந்து ஐந்து நாள் சும்மாதானே இருக்கிறீர்கள்? என் மூன்று பிளவுஸ் அதில் அடங்காதா?

பழையகத்தரி: சும்மாவா! கொக்கி, கைத்தையல் எல்லாம் வீட்டில் செய்யும் பெண்களிடமிருந்து திரும்பி வரவேண்டும். "கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது" என்று வருபவர்கள் அந்த ஐந்து நாளில்தான் வருவார்கள். மழை பிடித்தால் நனைத்த லைனிங் துணி காயவே ஒரு நாள் போகும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள்.

மல்லிகைப்பந்தல்: கடைசி தேதி என்பதே மிரட்டல். என் பக்கத்து வீட்டுக்காரி 12ஆம் தேதி கொடுத்து 18ஆம் தேதி வாங்கிவிட்டாள்.

திருப்பூர்க்காரன்: அதைச் சொல்லுங்கள் கத்தரி ஐயா. பழைய வாடிக்கைக்கு மட்டும் பின்வாசலா?

பழையகத்தரி: பனியன்காரர் பிளவுஸ் விவகாரத்தில் பேச வேண்டாம்.

சட்டைப்பை: என் சட்டைக்குக் காஜா எடுக்காமலே கொடுத்துவிட்டார்கள். அதற்கும் கடைசி தேதி உண்டா?

பழையகத்தரி: அது ஜென்ட்ஸ் கடை ஐயா. இங்கே எட்டு பிளவுஸ் பற்றித்தான் பேச்சு.

கோலமாவு: எட்டு ஆர்டர்.