புதுப்பிப்பு: 065, 067 பிரித்தாச்சு

நான் கேட்டிருந்தது: “0651234567 என்று ஒட்டியிருக்கிற தொலைபேசி இலக்கத்தை இடக்குறியீடு, உள்ளூர் இலக்கம் என்று இரண்டு நிரலாக்குவது எப்படி?”

“இடப்பக்கம் மூன்றை வெட்டு” என்ற தம்பியின் வழி பாதிக்குத்தான் சரிவந்தது. எக்செல் முன் சைபரை விழுங்கின வரிகளில் 651 என்று வந்தது, +94 போட்டவற்றில் +94 என்றே வந்தது. வாழைச்சேனை அக்கா சொன்னதுதான் சரி: வலப்பக்கமிருந்து எண்ணவேணும். கடைசி ஏழும் உள்ளூர் இலக்கம், அதற்கு முன்னால் உள்ள இரண்டும் குறியீடு.

```
B2: ="0"&LEFT(RIGHT(SUBSTITUTE(A2," ",""),9),2)
C2: =RIGHT(SUBSTITUTE(A2," ",""),7)
```

651234567, +94 65 1234567 இரண்டுக்கும் 065, 1234567 என்றே வருகுது. நடுவில் சிறுகோடு இருந்தால் முதலில் அதை நீக்குங்கோ.

ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு இலக்கம் இருந்தால் சூத்திரம் பிழை காட்டாது, ஒன்றை விட்டுவிடும் அல்லது தப்பான இலக்கத்தைத் தரும். “/” தேடி அவற்றைக் கையால் பிரித்தேன்.

அம்பாறை மாவட்டம் முழுக்க 063 என்று நிரப்பச் சொன்ன அண்ணா, அந்த மாவட்டத்திலேயே உள்ள கல்முனைக்கு 067. அதனால் ஊர்ப்பெயரை வைத்து நிரப்பவில்லை.

தன் கடைப் பட்டியலில் 077 வருகுதே என்று ஒருவர் கேட்டார். அது கைபேசி, ஊரைக் காட்டாது. அவற்றைத் தனி நிரலில் வைப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.