ஏழாம் அதிபதி ஒன்பதில்: சாதகம் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறோம். 1996 பங்குனியில் பிறந்தவள், கற்கடக லக்கினம். ஏழாம் வீடு மகரம், அதிபதி சனி. அவர் ஒன்பதாம் வீடான மீனத்தில், உத்தரட்டாதி முதலாம் பாதத்தில் நிற்கிறார்.

ஒன்பது பாக்கிய ஸ்தானம், மீனம் குருவின் வீடு. அதனால் மாப்பிள்ளை கோயில், படிப்பு என்று வாழும் குடும்பம், தூர இடம் அல்லது வெளிநாடு, வயதுக்கு மீறிய நிதானம் என்கிறார் எங்கள் சாத்திரியார். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

ஆனால் அந்தப் பாதத்துக்கு நவாம்சத்தில் சனி சிம்மத்துக்கு, அதாவது பகையான சூரியன் வீட்டுக்குப் போகிறார். அப்போ குணத்தில் பிடிவாதம், அதிகாரம் இருக்கும் என்கிறார் இன்னொருவர்.

குடும்பப் பின்னணியை இராசியிலும் குணத்தை நவாம்சத்திலும் பார்ப்பதா? மீனத்துக் குருவின் பலம் இந்தப் பகையைத் தணிக்குமா? இதே அமைப்பில் கலியாணம் முடித்தவர்கள் இருந்தால், துணை எப்படி அமைந்தார் என்று தயவுசெய்து எழுதுங்கோ.